பத்துப் பந்தயத்தில் குறைந்தது ஆறு ஜெயிக்குமா? ஈருறுப்புப் பரவல், தொடக்கநிலைக் கேள்விகளும் பதில்களும்

ரூலெட் சக்கரத்தில் சிவப்பு மேல் 10 தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரே தொகை கட்டுகிறேன். குறைந்தது 6 தடவை ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு?

சுமார் 34.4 சதவீதம். மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்.

இது ஒற்றைப் பூச்சியம் உள்ள சக்கரத்துக்கான விடை. அதில் 37 குழிகள்: 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒரு பச்சைப் பூச்சியம். சிவப்பில் பந்து விழுந்தால் கட்டிய தொகை அளவுக்கு லாபம். கறுப்பிலோ பூச்சியத்திலோ விழுந்தால் கட்டியது போய்விடும். ஆகவே ஒரு பந்தயத்தில் ஜெயிக்கும் நிகழ்தகவு 18/37, தோற்கும் நிகழ்தகவு 19/37. இந்தப் பக்கம் முழுக்க முதல் எண்ணை p என்றும், இரண்டாவதை q என்றும் எழுதுகிறேன். p என்பது சுமார் 0.4865, q சுமார் 0.5135.

சில சக்கரங்களில் இரட்டைப் பூச்சியமும் இருக்கும். அப்போது குழிகள் 38, p என்பது 18/38. ஒரே ஒரு குழி கூடுவதால் 34.4 என்பது 31.4 ஆகக் குறைகிறது. கணக்கைத் தொடங்கும் முன் சக்கரத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜெயிப்பதும் தோற்பதும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதானே? அப்புறம் ஏன் 34? 48, 49 என்று வர வேண்டாமா?

காரணம் இரண்டு. பெரிய காரணம் பூச்சியம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது சிறிய காரணம்.

பத்துப் பந்தயத்துக்கு மூன்று விதமான முடிவுகள் உண்டு. ஆறோ அதற்கு மேலோ ஜெயிக்கலாம், சரியாக ஐந்து ஜெயித்து ஐந்து தோற்கலாம், நான்கோ அதற்குக் கீழோ ஜெயிக்கலாம். நடுவில் இருக்கும் அந்த 5-5 சமநிலைக்கு மட்டும் 24.5 சதவீதம் போய்விடுகிறது. மீதியை இரண்டு பக்கமும் பங்கு போட்டால் பாதிக்கு எங்கே வருவது? பூச்சியமே இல்லாத, துல்லியமாகப் பாதிக்குப் பாதியான நாணயச் சுண்டலை எடுத்துக்கொண்டாலும், பத்தில் குறைந்தது ஆறு தலை விழ 37.7 சதவீதம்தான் வாய்ப்பு.

அதற்குப் பிறகுதான் பூச்சியம் தன் வேலையைக் காட்டுகிறது. 37.7 என்பதை 34.4 ஆக இறக்குகிறது. நான்கு அல்லது அதற்குக் கீழ் ஜெயிக்கும் வாய்ப்பை 41.1 ஆக ஏற்றிவிடுகிறது. 34.4, 24.5, 41.1 மூன்றையும் கூட்டினால் 100 வரும்.

இதைக் கையாலேயே போட்டுப் பார்க்க ஒரு சின்ன உதாரணம் தர முடியுமா?

மூன்று பந்தயம், குறைந்தது இரண்டு வெற்றி. வெற்றியை 'வெ' என்றும் தோல்வியை 'தோ' என்றும் எழுதினால், நமக்கு வேண்டிய வரிசைகள் நான்கே நான்கு: வெ-வெ-தோ, வெ-தோ-வெ, தோ-வெ-வெ, வெ-வெ-வெ.

முதல் மூன்று வரிசைகளிலும் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. பந்து முன்பு எங்கே விழுந்தது என்பது அடுத்த சுற்றைப் பாதிக்காது. அதனால் நிகழ்தகவுகளை அப்படியே பெருக்கலாம். வெ-வெ-தோ என்பதற்கு p × p × q, தோ-வெ-வெ என்பதற்கு q × p × p. இடம்தான் மாறுகிறது, பெருக்குத்தொகை மாறுவதில்லை. ஒவ்வொன்றும் 0.1215 அளவு. மூன்று வரிசைக்கும் சேர்த்து 0.3646. மூன்றும் வெற்றியாக அமையும் வரிசைக்கு p × p × p, அதாவது 0.1151. இரண்டையும் கூட்டினால் 0.4797, சுமார் 48 சதவீதம்.

ஈருறுப்புப் பரவலில் இருப்பது இவ்வளவுதான். ஒரு வரிசையின் நிகழ்தகவைக் கண்டுபிடி, அதே போன்ற வரிசைகள் எத்தனை என்று எண்ணு, பெருக்கு. தேவையான வெற்றி எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்து கூட்டு. பத்துப் பந்தயத்துக்கு மாறும்போது வரிசைகள் 1,024 ஆகிவிடுவதால் உட்கார்ந்து எழுத முடியாது. அதற்காகத்தான் சூத்திரம்.

சூத்திரத்தில் வரும் C(10,6) என்ன? அது 210 என்று எப்படி வந்தது?

பத்து இடங்களில் வெற்றி விழும் ஆறு இடங்களை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணிக்கை அது. பள்ளியில் சேர்வுகள் என்று படித்தது இதுவே.

ஆறு இடங்களைத் தேர்ந்தெடுப்பதும், தோல்விக்கான நான்கு இடங்களைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலைதான். ஆறை முடிவு செய்தால் மீதி நான்கு தானாக முடிவாகிவிடும். சிறிய எண்ணை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது. முதல் தோல்விக்கு 10 இடங்கள், அடுத்ததற்கு 9, பிறகு 8, பிறகு 7. பெருக்கினால் 5,040. ஆனால் இதே நான்கு இடங்களை வேறு வேறு வரிசையில் தேர்ந்தெடுத்ததையெல்லாம் தனித்தனியாக எண்ணிவிட்டோம். நான்கு பொருள்களை 4 × 3 × 2 × 1 = 24 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதால் 24 ஆல் வகுக்க வேண்டும். 5,040 ÷ 24 = 210.

ஆகவே சரியாக ஆறு வெற்றிக்கான நிகழ்தகவு:

```
P(6) = C(10,6) × p^6 × q^4
     = 210 × (18/37)^6 × (19/37)^4
     ≈ 0.1936
```

0.1936 என்றால் 19.4 சதவீதம்தானே. நீங்கள் 34.4 என்றீர்களே?

19.4 என்பது சரியாக ஆறு வெற்றி வருவதற்கான வாய்ப்பு. ஏழு ஜெயித்தால் 'குறைந்தது ஆறு' என்ற நிபந்தனை உடைந்துவிடுமா என்ன? எட்டு, ஒன்பது, பத்தும் அப்படியே. அவற்றையெல்லாம் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் சூத்திரத்தை முதலிலிருந்து போடத் தேவையில்லை. ஒரு விடையிலிருந்து அடுத்த விடைக்குப் போக ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு வெற்றி கூடும்போது ஒரு q போய் ஒரு p வருகிறது. அதனால் p/q ஆல் பெருக்க வேண்டும். இங்கே அது 18/19. சேர்வு எண்ணும் மாறும்: C(10,6) இலிருந்து C(10,7) க்குப் போக 4/7 ஆல் பெருக்கினால் போதும். மேலே இருக்கும் 4 இதுவரை இருந்த தோல்விகள், கீழே இருக்கும் 7 புதிய வெற்றி எண்ணிக்கை. அடுத்ததற்கு 3/8, பிறகு 2/9, பிறகு 1/10.

```
P(6)  = 0.1936
P(7)  = P(6) × 4/7  × 18/19 = 0.1048
P(8)  = P(7) × 3/8  × 18/19 = 0.0372
P(9)  = P(8) × 2/9  × 18/19 = 0.0078
P(10) = P(9) × 1/10 × 18/19 = 0.0007
கூட்டுத்தொகை              ≈ 0.344
```

சாதாரணக் கால்குலேட்டரிலேயே முடிந்துவிடும். எண்கள் எவ்வளவு வேகமாகச் சரிகின்றன என்பதையும் கவனியுங்கள். கூட்டுத்தொகையில் பாதிக்கு மேல் ஆறு என்ற ஒரே வரியிலிருந்து வருகிறது. பத்தும் ஜெயிக்கும் கனவுக்கு வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

எப்போதுமே மேலே உள்ளவற்றையெல்லாம் கூட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். இலக்கு சிறியதாக இருந்தால் எதிர்ப்பக்கத்தைக் கணக்கிட்டு 1 இலிருந்து கழிப்பதுதான் புத்திசாலித்தனம். பத்தில் குறைந்தது ஒன்றாவது ஜெயிக்க வேண்டும் என்றால், பத்து எண்களைக் கூட்டுவதற்குப் பதிலாக, ஒன்றுகூட ஜெயிக்காத நிகழ்தகவை மட்டும் போட்டுக் கழித்துவிடலாம். குறைந்தது இரண்டு என்றால், பூச்சியம் வெற்றி, ஒரு வெற்றி ஆகிய இரண்டையும் கழிக்க வேண்டும்.

இந்தக் கழித்தல் முறைக்குப் பெயர்போன ஒரு பழைய புதிர் இருக்கிறது. 1693 இல் சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கில அதிகாரி ஐசக் நியூட்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: 6 பகடைகளை உருட்டிக் குறைந்தது ஒரு ஆறு, 12 பகடைகளில் குறைந்தது இரண்டு ஆறு, 18 பகடைகளில் குறைந்தது மூன்று ஆறு, இவற்றில் எதற்கு வாய்ப்பு அதிகம்? மூன்றிலும் விகிதம் ஒன்றுதானே என்று தோன்றும். பீப்ஸ் மூன்றாவதைத்தான் நம்பினார். நியூட்டன் முதலாவது என்றார், அதுவே சரி. முதலாவது எளிது: 1 − (5/6)^6, சுமார் 66.5 சதவீதம். இரண்டாவது 61.9, மூன்றாவது 59.7.

பந்தயம் கட்டுபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 'ஆறில் ஒன்று' என்பதும் 'பதினெட்டில் மூன்று' என்பதும் விகிதத்தில் ஒன்றாக இருந்தாலும் வாய்ப்பில் ஒன்றல்ல. பந்தய எண்ணிக்கையையும் இலக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கே தொடங்கும்.

எக்செல்லில் போட்டால் எனக்கு 0.15 என்று வருகிறது. எங்கே தவறு?

நீங்கள் அநேகமாக இப்படிப் போட்டிருப்பீர்கள்:

```
=1-BINOM.DIST(6,10,18/37,TRUE)
```

கடைசியில் TRUE என்று கொடுத்தால் அந்தச் சார்பு, 6 உட்பட அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் கூட்டித் தரும். அதை 1 இலிருந்து கழித்தால் ஆறும் சேர்ந்து போய்விடுகிறது. கிடைப்பது ஆறுக்கு மேல், அதாவது குறைந்தது ஏழு. அதுதான் 0.1506. குறைந்தது ஆறு வேண்டுமென்றால் ஐந்து வரை உள்ளதைத்தான் கழிக்க வேண்டும்:

```
=1-BINOM.DIST(5,10,18/37,TRUE)
```

இப்போது 0.344 வரும். இந்த ஒரு எண் பிசகும் தவறுதான் இந்தத் தலைப்பில் அதிகம் நடப்பது. கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இலக்கை 1 என்றும், பந்தய எண்ணிக்கையை n என்றும் வையுங்கள். குறைந்தது ஒரு வெற்றி என்பது ஒன்றுகூட ஜெயிக்காததன் எதிர்ப்பக்கம், விடை 1 − q^n வர வேண்டும். இலக்கைப் பந்தய எண்ணிக்கைக்குச் சமமாக வைத்தால் விடை p^n வர வேண்டும். இரண்டிலும் சரியாக வந்தால் உங்கள் சூத்திரத்தை நம்பலாம்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பைத்தானில் நேரடியாகக் கூட்டுவது இன்னும் தெளிவு. எங்கே தொடங்கி எங்கே முடிகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது:

```python
from math import comb
n, k, p = 10, 6, 18/37
print(sum(comb(n, i) * p**i * (1-p)**(n-i)
          for i in range(k, n + 1)))
```

ஐந்து பந்தயம் முடிந்துவிட்டது, இரண்டுதான் ஜெயித்திருக்கிறேன். இனிமேல் வெற்றி அதிகமாக வருமா?

வராது. சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. ஆனால் உங்கள் இலக்குக்கான வாய்ப்பு மட்டும் மாறிவிட்டது, அதைப் புதிதாகப் போட வேண்டும்.

முடிந்துபோன ஐந்தை மறந்துவிடுங்கள். மீதி ஐந்து பந்தயம், தேவை இன்னும் நான்கு வெற்றி. இப்போது பந்தய எண்ணிக்கை n = 5, இலக்கு k = 4. சரியாக நான்குக்கு 5 × p^4 × q = 0.1438. ஐந்துக்கு p^5 = 0.0272. மொத்தம் 0.171, அதாவது 17.1 சதவீதம். தொடங்கும்போது இருந்த 34.4 இல் பாதிதான் இது. p இடையில் துளியும் மாறவில்லை. மாறியது மீதிப் பந்தயங்களும் மீதித் தேவையும்தான். 'இவ்வளவு தோற்றாகிவிட்டது, இனி ஜெயித்தே ஆக வேண்டும்' என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கிறது. கணக்கு அதற்கு நேர் எதிரான திசையைக் காட்டுகிறது.

குறைந்தது எத்தனை ஜெயிக்க வேண்டும் என்பதையே எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது?

கொடுக்கும் தொகையிலிருந்து. சிவப்பு மாதிரி ஒன்றுக்கு ஒன்று கொடுக்கும் பந்தயத்தில், தோல்வியைவிட வெற்றி அதிகமானால் லாபம். பத்தில் ஆறு என்பது அப்படி வந்ததுதான். வேறு பந்தயங்களில் இந்த எண் வேறு மாதிரி இருக்கும்.

ஒரே ஓர் எண்ணின் மேல் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். ஜெயிக்கும் நிகழ்தகவு 1/37. ஜெயித்தால் 1 அலகுக்கு 35 அலகு லாபம். நீங்கள் 35 தடவை கட்டி ஒரே ஒரு முறை ஜெயித்தால் 35 கிடைக்கும், மற்ற 34 தடவையில் 34 போகும். கையில் 1 அலகு லாபம். ஆக, 35 பந்தயத்துக்கு இலக்கு குறைந்தது ஒன்று. வாய்ப்பு 1 − (36/37)^35, சுமார் 61.7 சதவீதம்.

36 தடவை கட்டினால், ஒரு வெற்றி சரிக்குச் சரியாகத்தான் நிற்கும். 37 தடவை கட்டினால் ஒரு வெற்றி போதாது, 1 அலகு நட்டம். லாபம் பார்க்க இலக்கு இரண்டு. பூச்சியம் வெற்றி 0.3628, ஒரு வெற்றி 0.3729, இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 0.264, அதாவது 26.4 சதவீதம்.

வெறும் இரண்டு பந்தயம் கூடியதற்கு 61.7 இலிருந்து 26.4 க்கு விழுந்துவிட்டது. ஆட்டம் கெட்டுப்போகவில்லை, இலக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாண்டியதுதான் காரணம். அதனால்தான் k ஐ முதலில் காசுக்கணக்கில் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் நிகழ்தகவுக்குப் போக வேண்டும்.

அப்படியென்றால் 35 தடவை கட்டினால் எனக்குத்தானே சாதகம்? 61.7 சதவீதம் லாபம் என்கிறீர்களே?

லாபத்தில் முடியும் *வாய்ப்பு* 61.7. அந்த லாபம் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லவில்லை.

பிரித்துப் பார்ப்போம். ஒன்றுகூட ஜெயிக்காத வாய்ப்பு 38.3 சதவீதம், அப்போது 35 அலகும் போய்விடும். சரியாக ஒன்று ஜெயிக்கும் வாய்ப்பு 37.3 சதவீதம், லாபம் வெறும் 1 அலகு. இரண்டோ அதற்கு மேலோ ஜெயிப்பது 24.4 சதவீதம், இரண்டு என்றால் லாபம் 37 அலகு, மூன்று என்றால் 73. எல்லாவற்றையும் அதனதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் சராசரியாக 35/37 அலகு, கிட்டத்தட்ட 1 அலகு, நட்டம் வரும்.

கூட்டாமலேயே இதைப் பார்க்கலாம். ஒரு பந்தயத்தில் 1/37 வாய்ப்பில் 35 வருகிறது, 36/37 வாய்ப்பில் 1 போகிறது; சராசரி 35/37 − 36/37 = −1/37. முப்பத்தைந்து தடவைக்கு −35/37. சிவப்பு மேல் கட்டினாலும் ஒரு பந்தயத்துக்கு அதே −1/37 தான், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

'குறைந்தது இத்தனை' என்ற நிகழ்தகவு 50 ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக ஒரு பந்தயம் நல்ல பந்தயம் ஆகிவிடாது. இரண்டு கணக்கையும் போட வேண்டும். எந்த 'நிச்சய முறை'யை யார் விற்றாலும், அவர் பெரும்பாலும் முதல் கணக்கை மட்டும் காட்டிவிட்டு இரண்டாவதை மறைத்துவிடுகிறார்.

100, 1,000 தடவை கட்டினால் எப்படிக் கணக்கிடுவது? லாபத்தில் இருக்கும் வாய்ப்பு கூடுமா?

கணினியில் என்றால் அதே சூத்திரம்தான். கையில் என்றால் இயல்நிலைப் பரவலைக் கொண்டு தோராயமாகப் போடலாம். சராசரி வெற்றி n × p, திட்ட விலக்கம் n × p × q இன் வர்க்கமூலம். 100 சிவப்புப் பந்தயத்துக்குச் சராசரி 48.65, திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 5. லாபத்துக்குக் குறைந்தது 51 வேண்டும். முழு எண்களுக்கு நடுவில் வெட்ட வேண்டும் என்பதால் 51 க்குப் பதிலாக 50.5 ஐ எடுங்கள். (50.5 − 48.65) ÷ 5 = 0.37. இயல்நிலைப் பரவல் அட்டவணையில் 0.37 க்கு மேல் உள்ள பகுதி சுமார் 36 சதவீதம்.

அட, பத்துக்கு 34.4 ஆக இருந்தது நூறில் 36 ஆகக் கூடியிருக்கிறதே என்று தோன்றலாம். சமநிலையைப் பாருங்கள். பத்தில் 24.5 சதவீதமாக இருந்த 5-5, நூறில் 50-50 என்று வரும்போது 8 சதவீதத்துக்கும் குறைந்துவிட்டது. விடுபட்ட பங்கு இரண்டு பக்கமும் போனது, பெரும்பகுதி நட்டத்தின் பக்கம். நட்டத்தில் முடியும் வாய்ப்பு 41 இலிருந்து 57 ஆகிவிட்டது.

ஆயிரம் பந்தயத்தில் லாபத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 19 சதவீதம். பத்தாயிரத்தில் 0.3 சதவீதம். திட்ட விலக்கம் n இன் வர்க்கமூலமாகத்தான் வளர்கிறது, எதிர்பார்க்கும் நட்டமோ n உடன் நேராக வளர்கிறது. அதிர்ஷ்டத்தால் அதைத் துரத்திப் பிடிக்க முடிவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தோராயத்தை ஒற்றை எண் பந்தயத்துக்கு 35, 40 தடவைக்கெல்லாம் போடாதீர்கள். சராசரி வெற்றியே ஒன்றுதான் என்னும்போது பரவல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், இயல்நிலைப் பரவலின் மணி வடிவம் பொருந்தாது. n × p, n × q இரண்டுமே 10 ஐத் தாண்டியிருந்தால் ஓரளவு நம்பலாம்.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டுகிறேன், ஜெயித்தால் மறுபடி 1 அலகு. இதற்கும் இந்தச் சூத்திரம் பொருந்துமா?

வெற்றி எண்ணிக்கைக்குப் பொருந்தும், காசுக்குப் பொருந்தாது. ஈருறுப்புக் கணக்கு வெற்றிகளை எண்ணுகிறது, அவை எந்த வரிசையில் வந்தன என்று பார்ப்பதில்லை. தொகை சமமாக இருந்தால் வரிசை முக்கியமில்லை. இரட்டிப்பாக்கினால் வரிசைதான் எல்லாமே.

நான்கு பந்தயத்தில் இரண்டு வெற்றி என்று வையுங்கள். தோ-தோ-வெ-வெ என்று வந்தால் −1 −2 +4 +1, மொத்தம் 2 அலகு லாபம். வெ-வெ-தோ-தோ என்று வந்தால் +1 +1 −1 −2, மொத்தம் 1 அலகு நட்டம். வெற்றி எண்ணிக்கை ஒன்றே, காசு வேறு. இங்கே வரிசைகளைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

லாபம் வந்தவுடன் எழுந்துவிடுவேன், இல்லாவிட்டால் 10 வரை விளையாடுவேன். அப்போதும் 34.4 தானா?

இல்லை, இது வேறு கேள்வி. ஈருறுப்புப் பரவலுக்குப் பந்தய எண்ணிக்கை முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். இங்கே அது ஆட்டத்தைப் பொறுத்து மாறுகிறது.

சிவப்பின் மேல் 1 அலகு வீதம் கட்டி, 1 அலகு லாபம் தொட்டவுடன் நிறுத்துவது என்றால், பத்துப் பந்தயத்துக்குள் அது நடக்க 73.3 சதவீதம் வாய்ப்பு. கேட்கவே இனிக்கும். ஆனால் ஜெயித்தால் கிடைப்பது எப்போதும் 1 அலகு மட்டும். மீதி 26.7 சதவீதத்தில் பத்து வரை போய், சமமாகவோ அல்லது 2, 4, 6, ஏன் 10 அலகு நட்டத்திலோ முடிப்பீர்கள். சராசரி இன்னும் நட்டம்தான்.

சீட்டாட்டம், விளையாட்டுப் பந்தயம் இவற்றுக்கும் இதே முறையைப் போடலாமா?

சீட்டைத் திரும்பக் கட்டில் சேர்க்காமல் எடுத்துக்கொண்டே போனால் போடக்கூடாது. ஒவ்வொரு சீட்டு வெளியேறும்போதும் அடுத்ததன் நிகழ்தகவு மாறுகிறது. ஒவ்வொரு முறையும் கலைத்து முழுக்கட்டோடு ஆடினால் போடலாம்.

விளையாட்டுப் பந்தயத்தில் சிக்கல் வேறு. சக்கரத்தில் p ஐக் குழிகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். ஆட்டத்தில் அது உங்கள் மதிப்பீடு. அது சற்றுப் பிசகினாலும் விடை எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். பத்தில் குறைந்தது ஆறு வெற்றிக்கான வாய்ப்பு, p 0.50 என்றால் 37.7 சதவீதம், 0.55 என்றால் 50.4, 0.60 என்றால் 63.3. நீங்கள் அறுபது என்று நம்பியது உண்மையில் ஐம்பதாக இருந்தால், சூத்திரத்தைப் பிழையில்லாமல் போட்டும் விடை 25 புள்ளிகளுக்கு மேல் தள்ளிப்போயிருக்கும். அதனால் இப்படிப்பட்ட பந்தயங்களுக்கு ஒரே p ஐ வைத்து ஒரே விடை எழுதாமல், நம்பத்தக்க கீழ் அளவு ஒன்று, மேல் அளவு ஒன்று என்று இரண்டு p க்கும் போட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே போட்டியின் மேல் ஐந்து பந்தயம் கட்டினால் அதுவும் செல்லாது; ஒன்று தோற்றால் மற்றவையும் சேர்ந்து தோற்க வாய்ப்பு உள்ளவை அவை. அவற்றை ஐந்து தனிப் பந்தயங்களாக எண்ணிப் பெருக்கினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.